போனோவில் போட்டால் உறுமுகிறது

சி.டி. பிளேயரை மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் அமைதியாக இருக்கிறது. செல்போனை ஆக்ஸ் ஒயரில் செருகினாலும் பாட்டு சுத்தமாக வருகிறது. டர்ன்டேபிளை மாட்டி செலக்டரை ‘போனோ’வுக்குத் திருப்பியதும்தான் ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கிளம்புகிறது. சத்தத்தைக் கூட்டினால் உறுமலும் கூடுகிறது. தட்டில் ஊசி இறங்குவதற்கு முன்பே அறை முழுக்க அதுதான் கேட்கிறது.

அலமாரியில் கிடந்த இசைத்தட்டுகளை மறுபடி கேட்க ஆசைப்பட்டு, பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி வருபவர்களில் பலர் முதலில் முட்டிக்கொள்ளும் தொல்லை இது. ஆம்ப் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றுகிறவர்கள் உண்டு. விலை கூடிய கேபிள் வாங்கி மாட்டிப் பார்த்து, அதிலும் உறுமல் வரவே டர்ன்டேபிளையே விற்றுவிடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் பழுது அந்த இரண்டிலும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓடும் ஒரு மெல்லிய கம்பியிலோ, அதன் முனையில் இருக்கும் பின்னிலோதான் இருக்கிறது.

டர்ன்டேபிளுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை? விடை ஊசியின் மேலே உட்கார்ந்திருக்கும் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. இன்று பரவலாகப் புழங்கும் காந்த வகை கார்ட்ரிட்ஜ், ஊசியின் அசைவிலிருந்து உண்டாக்கும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட். சுவரில் இருக்கும் மின்சாரமோ 230 வோல்ட், அதாவது 46,000 மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய ஒன்று பக்கத்துச் சுவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது, இவ்வளவு சிறிய ஒன்றைக் கறைபடாமல் ஆம்ப் வரைக்கும் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

அதோடு முடியவில்லை. அந்த 5 மில்லிவோல்ட்டை ஸ்பீக்கர் வரைக்கும் கொண்டுபோக, போனோ பகுதி அதை முதலில் ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்குகிறது. இந்த நூறு நடுத்தர ஒலிகளுக்கு மட்டும்தான். இசைத்தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளை அப்படியே பதித்தால் பள்ளம் அகலமாக வளைந்து இடத்தை விழுங்கிவிடும் என்பதால், அவற்றைக் குறைத்துத்தான் பதிக்கிறார்கள். கேட்கும்போது போனோ பகுதி அதே அளவுக்கு அவற்றை ஏற்றிக் கொடுக்கிறது. எதை எவ்வளவு ஏற்றுவது என்ற கணக்கை அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1954-இல் வகுத்தது. பின்னர் உலகம் முழுக்க அதுவே வழக்கமாயிற்று. அந்தக் கணக்குப்படி 50 சைக்கிளில் வரும் ஒலி, நடுத்தர ஒலியைவிட இன்னும் ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படும். நூறை ஏழால் பெருக்கினால் எழுநூறு. நம் வீட்டு மின்சாரத்தின் துடிப்பும் சரியாக அதே 50 சைக்கிள். மின்சாரத்தின் சாயல் துளியளவு உள்ளே நுழைந்தாலும் அது எழுநூறு மடங்காகி வெளியே வருகிறது. சி.டி. பிளேயரின் வெளியீடு ஒன்றிரண்டு வோல்ட் இருக்கும். அதற்கு இந்தப் பெருக்கமே தேவையில்லை. அதனால் அதே கோளாறு அங்கே இருந்தாலும் காதுக்கு எட்டாது.

சென்னை திருவல்லிக்கேணியில், கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு வீடு. பணி ஓய்வு பெற்ற ஒருவர், எண்பதுகளில் ஜப்பானில் செய்யப்பட்ட டர்ன்டேபிள் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, தன்னிடம் முன்பே இருந்த ஆம்ப்பில் மாட்டினார். இரண்டு ஸ்பீக்கரிலும் உறுமல். வலது பக்கம் அதிகம். அந்தப் பக்கம் பாட்டே நூலாகத்தான் கேட்டது. ரிச்சி தெருவில் ஆடியோ சாமான் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தார். அவர் பையை இறக்கி வைத்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

“சார், கிரவுண்டு ஒயர் மாட்டியிருக்கீங்களா?”

“மாட்டியாச்சு தம்பி. டைட்டாத்தான் இருக்கு, நீங்களே பாருங்க.”

உண்மையில் டைட்டாகத்தான் இருந்தது. டர்ன்டேபிளின் பின்னாலிருந்து மூன்று கம்பிகள் வருகின்றன. சிவப்பு பின், வெள்ளை பின் என்று இரண்டு ஆர்.சி.ஏ. கேபிள்கள், அவை வலது, இடது ஒலிக்கு. மூன்றாவதாக, முனையில் கவட்டை போன்ற தகடு வைத்த ஒற்றை ஒயர். அதுதான் கிரவுண்டு ஒயர். ஆம்ப்பின் பின்புறம் போனோ துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். கவட்டையை அதில் செருகி முடுக்க வேண்டும். இந்த ஒயரில் பாட்டு போவதில்லை. டோன் ஆர்மின் உலோகக் குழாய், அதன் பேரிங், மோட்டாரின் உறை ஆகியவற்றை ஆம்ப்பின் உடம்போடு இணைத்து வைப்பதுதான் இதன் வேலை. இணைக்காமல் விட்டால் டோன் ஆர்ம் ஓர் ஏரியல் போலச் சுற்றியுள்ள மின்புலத்தை வாங்கி, தனக்குள் ஓடும் தலைமுடி அளவு மெல்லிய கம்பிகளுக்குக் கொடுத்துவிடும்.

இளைஞர் முதலில் ஆம்ப்பைச் சந்தேகித்துப் பார்த்தார். ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு ஆர்.சி.ஏ. பின்களையும் ஆம்ப்பிலிருந்து உருவினார். பின்னைக் கழற்றும்போது ஒலி குறைக்காமல் இருந்தால் ‘டப்’பென்று வரும் அடியில் ஸ்பீக்கர் கிழிந்துபோகக்கூடும் என்பதால் இதில் அவர் ஒருபோதும் அவசரப்படுவதில்லை. பிறகு போனோ துளைகளில், உள் முனையும் வெளி வளையமும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்த இரண்டு வெற்றுப் பின்களைச் செருகினார். வெறும் துளையாக விட்டால் அதுவே கொஞ்சம் இரையும்; அது நம்மை ஏமாற்றிவிடும். இப்போது ஒலியை ஏற்றினார். லேசான ‘உஸ்’ தவிர வேறொன்றும் இல்லை. ஆம்ப் நன்றாக இருக்கிறது. கோளாறு டர்ன்டேபிள் பக்கம்தான்.

மறுபடி எல்லாவற்றையும் மாட்டி, தட்டைச் சுழலவிடாமல், ஒலியை மிதமாக வைத்து, டோன் ஆர்மின் உலோகத்தை விரலால் தொட்டார். உறுமல் சட்டென்று மாறியது. விரலை எடுத்தால் பழையபடி ஆனது. கிரவுண்டு சரியாக இருக்கும் டர்ன்டேபிளில் டோன் ஆர்மைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒலியில் வித்தியாசமே இருக்கக் கூடாது. உறுமல் குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி, மாறுகிறது என்றாலே டோன் ஆர்ம் எதோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள். மீட்டர் கையில் இல்லாதவர்களும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

ஆம்ப் பக்கத்தில் ஒயர் முடுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் கிரவுண்டு இல்லை. அப்படியானால் மறு முனையில் விட்டுப்போயிருக்க வேண்டும். டர்ன்டேபிளின் மின் பிளக்கை உருவிவிட்டு, மல்டிமீட்டரைப் ‘பீப்’ சத்தம் எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கவட்டையிலும் மறு முனையை டோன் ஆர்ம் பேரிங்கின் திருகிலும் வைத்தார். குழாயின் மேல் வைப்பதில்லை. அதன் மேல்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாமல் போய், நல்ல இணைப்பையும் கெட்டது போலக் காட்டிவிடும். பீப் வரவில்லை.

ஊசிக்கு மூடி போட்டு, ஹெட்ஷெல்லைக் கழற்றி, தட்டை எடுத்து வைத்துவிட்டு டர்ன்டேபிளைக் கவிழ்த்து அடிப்பலகையைத் திறந்தார்கள். கிரவுண்டு ஒயர் உள்ளே ஒரு சிறு தகட்டில் பற்றவைக்கப்பட்டு, அந்தத் தகடு ஒரு திருகால் உடம்போடு பிடிக்கப்பட்டிருந்தது. திருகுக்கும் தகட்டுக்கும் இடையே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. எத்தனையோ ஆண்டு உப்புக் காற்றின் வேலை. வெளியே பார்த்தால் ஒயர் முழுசாக இருந்தது. உள்ளே களிம்பு அதைத் துண்டித்துவிட்டது. திருகைக் கழற்றி, தகட்டையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஒயரைப் புதிதாகப் பற்றவைத்து முடுக்கினார். மீட்டர் பீப் அடித்தது.

இடது ஸ்பீக்கர் இப்போது சுத்தமாகிவிட்டது. வலது பக்கம் பாட்டு முழுசாகத் திரும்பிவிட்டது, ஆனால் உறுமல் கொஞ்சம் மிச்சமிருந்தது. இங்கேதான் பலர் ‘பழைய செட்டு, இவ்வளவுதான் வரும்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் உறுமினால் அது வயதினால் வருவது இல்லை. இரண்டு பக்கமும் ஒரே வயதுதானே?

ஆம்ப்பில் சிவப்புப் பின்னையும் வெள்ளைப் பின்னையும் இடம் மாற்றிச் செருகினார். உறுமல் வலது ஸ்பீக்கரிலிருந்து இடதுக்குத் தாவியது. பின்னோடு சேர்ந்து தாவியதால், கோளாறு அந்தச் சிவப்புக் கேபிளிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. தாவாமல் அதே ஸ்பீக்கரில் நின்றிருந்தால் ஆம்ப்பைத்தான் மறுபடி பார்க்க வேண்டியிருந்திருக்கும். அடுத்து, சிவப்புப் பின்னின் கழுத்தைப் பிடித்து மெதுவாக வளைத்தபோது உறுமலோடு ‘கரகர’ என்ற ஒலியும் சேர்ந்து வந்தது.

கேபிளின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் புரியும். நடுவே ஒரு கம்பி. அதைச் சுற்றி உறை, உறையைச் சுற்றி மெல்லிய செம்பு இழைகளின் பின்னல், அதன் மேல் ரப்பர். நடுக்கம்பி பின்னின் முனைக்குப் போகிறது. பின்னல் வெளி வளையத்துக்குப் போகிறது. பின்னலுக்கு வேலை இரண்டு. வெளியிலிருந்து வரும் மின்புலத்தை அது தடுத்து நிறுத்துகிறது; நடுக்கம்பியில் வந்த ஒலி மின்சாரம் கார்ட்ரிட்ஜுக்குத் திரும்பும் வழியும் அதுவேதான். இழைகள் நடுக்கம்பியைவிட மெல்லியவை. பின்னை இழுத்து இழுத்துக் கழற்றும்போது, கழுத்துப் பகுதியில் ஒவ்வொன்றாக அறுபடுவது அவைதான்.

பின்னல் முழுக்க அறுந்தால் அந்தப் பக்கம் பாட்டு கேட்கவே கூடாதே, பிறகு எப்படி வந்தது? இதை அந்த வீட்டுக்காரரும் கேட்டார். பல காந்த வகை கார்ட்ரிட்ஜ்களில் பின்புறம் நான்கு முனைகள் இருக்கும்: இடது ஒலிக்கு வெள்ளையும் நீலமும், வலது ஒலிக்குச் சிவப்பும் பச்சையும். பச்சை முனையை கார்ட்ரிட்ஜின் உலோக உறையோடு இணைக்கும் சிறு தகடு ஒன்று சில மாடல்களில் உண்டு. இந்த கார்ட்ரிட்ஜில் அது இருந்தது. அதனால் வலது ஒலி மின்சாரம், தன் சொந்தப் பின்னல் அறுந்துபோனதும், பச்சை முனையிலிருந்து உறைக்கும், உறையிலிருந்து டோன் ஆர்முக்கும், அங்கிருந்து புதிதாகச் சரிசெய்த கிரவுண்டு ஒயருக்கும் தாவி ஆம்ப்பை வந்தடைந்தது. பாட்டு வந்தது. ஆனால் போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒட்டி ஓடாமல் ஓரடி இடைவெளியில் விலகி ஓடியதால், அவற்றுக்கு நடுவே புகுந்த காந்தப்புலம் உறுமலாகச் சேர்ந்துகொண்டது. கிரவுண்டு ஒயரும் துண்டாகிக் கிடந்த நாட்களில் அந்தச் சுற்றுவழியும் இல்லை. அதனால்தான் அப்போது வலது பக்கம் பாட்டு நூலாகக் கேட்டது.

ஊகத்தை மீட்டர் உறுதிசெய்தது. ஹெட்ஷெல்லைக் கழற்றினால் டோன் ஆர்மின் வாய்க்குள் நான்கு சிறு முனைகள் தெரியும். இடது பின்னின் வளையத்துக்கும் அதற்குரிய முனைக்கும் இடையே மீட்டர் சில ஓம் காட்டியது. அது சரியான அளவு. வலது பின்னின் வளையத்துக்கு இணைப்பே இல்லை. இந்த அளவீட்டை கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது செய்யக் கூடாது. மீட்டர் செலுத்தும் மின்சாரம் அதன் மென்மையான சுருளுக்கு நல்லதல்ல.

பின்னுக்கு அருகே ஓர் அங்குலம் கேபிளை வெட்டி எறிந்துவிட்டு, ரப்பரைச் சீவி, இழைகளை முறுக்கி, புதிய உலோகப் பின் பற்றவைத்தார். இடது பின்னும் அதே வயதுடையதுதான் என்பதால் அதையும் மாற்றினார். ஒலியை வழக்கமான அளவைவிட மேலே ஏற்றியும் உறுமல் இல்லை. வாங்க வேண்டியிருந்தவை இரண்டு பின்கள் மட்டும்.

எல்லா டர்ன்டேபிளிலும் கிரவுண்டு ஒயர் இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் தன் டர்ன்டேபிள்களில் டோன் ஆர்மின் கிரவுண்டை இடது கேபிளின் பின்னலோடு உள்ளேயே சேர்த்துவிடுகிறது. தனி ஒயரைக் காணோமே என்று தேடி, தாமாக ஒன்றைப் போட்டால் அதுவே புது உறுமலைக் கொண்டுவரக்கூடும். இந்த வகையில் உறுமல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இடது பின்னின் வளையம் துளையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறதா என்பதை. தளர்ந்திருந்தால் அதைக் குறடால் லேசாக நெருக்கினாலே போதும்.

ஒயர்களெல்லாம் சரியாக இருந்தும் உறுமல் போகாத வீடுகள் உண்டு. அங்கே டோன் ஆர்மைக் கையில் தூக்கி, தட்டின் மேல் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். நகர நகர உறுமல் கூடியோ குறைந்தோ போனால், கார்ட்ரிட்ஜ் ஏதோவொரு காந்தப்புலத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. பெரும்பாலும் அது ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர். இடம் போதாமல் ஆம்ப்பின் மேலேயே டர்ன்டேபிளை வைத்துவிடுகிறார்கள். கிரவுண்டு ஒயர் மின்புலத்தைத்தான் தடுக்கும். காந்தப்புலத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. விலக்கி வைப்பது ஒன்றே வழி. இரண்டடி பக்கவாட்டில் தள்ளினாலே பெரிய மாற்றம் தெரியும்.

இன்னொரு வகை உறுமல் டர்ன்டேபிளோடு சம்பந்தமே இல்லாத பொருளால் வருவது. பாட்டு கேட்கும் ஆம்ப்பிலேயே டி.வி.யின் செட்டாப் பாக்ஸையும் மாட்டியிருப்பார்கள். ஆம்ப்புக்குச் சுவரின் எர்த் ஒரு பக்கம். கேபிள் டி.வி. ஒயரின் வெளிப்பின்னல் தெருவில் எங்கோ வேறொரு இடத்தில் தரையைத் தொடுகிறது. இரண்டு தரைக்கும் இடையே சிறு மின்னழுத்த வித்தியாசம் இருந்தால், ஆர்.சி.ஏ. கேபிளின் பின்னல் வழியாகவே மின்சாரம் வளையம் போட்டு ஓடும். இதைக் கண்டுபிடிக்க, கேபிள் டி.வி. ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். உறுமல் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். ஆடியோ ஒயரில் செருகும் சிறு ஐசொலேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் அந்த வளையத்தை வெட்டிவிடும். கம்ப்யூட்டர் இணைத்திருந்தாலும் இதே கதைதான். டர்ன்டேபிள், ஆம்ப், கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பல நேரம் குறையும்.

இந்த வளையத்தை வெட்டுவதற்கு ஒரு குறுக்குவழியும் பலரால் சொல்லப்படுகிறது: ஆம்ப்பின் த்ரீ பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னைப் பிடுங்கிவிடு என்று. உறுமல் நிற்கவும் செய்யும். ஆனால் அந்தப் பின் மற்ற இரண்டையும்விடப் பெரிதாகவும் நீளமாகவும் வைக்கப்பட்டிருப்பதே, முதலில் எர்த் சேர வேண்டும் என்பதற்காகத்தான். அது இல்லாத ஆம்ப்பில் உள்ளே ஒரு மின்கம்பி அறுந்து உடம்பைத் தொட்டால், கிரவுண்டு ஒயர் வழியாக டர்ன்டேபிளும் டோன் ஆர்மும் 230 வோல்ட் ஆகிவிடும். ஊசியைத் தூக்கப் போகும் கை அதைத்தான் தொடும். ஆம்ப்பின் உலோகத்தைத் தொட்டால் ‘சுர்’ என்று இழுக்கும் வீடுகளில் சுவரின் எர்த்தே வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் அதைச் சரிசெய்த பிறகுதான் உறுமலைத் தேட வேண்டும். ஆம்ப்பின் பின்னால் இருக்கும் அந்தச் சிறு கிரவுண்டு திருகை இதற்கு மாற்றாக நினைத்து, அதிலிருந்து குழாய்க்கோ சுவருக்கோ ஒயர் இழுப்பதும் கூடாது.

வெற்றுப் பின்களைச் செருகிய பிறகும் ஆம்ப் உறுமினால் மட்டுமே கோளாறு அதற்குள் இருக்கிறது. அந்த உறுமலின் குரலே வேறு மாதிரி இருக்கும்: 50 சைக்கிளின் ஆழமான ‘ம்ம்ம்’ இல்லாமல், அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, 100 சைக்கிளில் ‘பர்ர்ர்’ என்று கரடுமுரடாக வரும். மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதியில் இருக்கும் பெரிய ஃபில்டர் கபாசிட்டர்கள் வயதாகி உலர்ந்துபோனதன் அடையாளம் இது. பிளக்கை உருவிய பிறகும் அவை மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் வீட்டில் மூடியைத் திறப்பது ஆபத்து. மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ‘உறுமுது’ என்று மட்டும் சொல்லாமல், துளைகளில் ஷார்ட் பின் போட்டும் வருகிறது, ஆக்ஸிலும் வருகிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று விவரம் சொன்னால், அவர் நேராக அந்தக் கபாசிட்டர்களில் கை வைப்பார்.